630 ரூபாய் விரிப்பும் 295 ரூபாய் வரவும்

கரூரில் நெய்து தைத்த இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்று, இரண்டு தலையணை உறைகளோடு, இணையச் சந்தையில் 630 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெய்ப்பூரில் ஒருவர் வாங்குகிறார். பொருள் போய்ச் சேருகிறது. சில நாள் கழித்து வியாபாரியின் வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது. ஆனால் இந்த ஒரு விரிப்பின் பணம் தனியாக வருவதில்லை. அந்த வாரம் விற்ற எழுபது எண்பது உருப்படிகளின் வரவும், முந்தைய வாரங்களில் திரும்பி வந்தவற்றின் கழிவும், விளம்பரச் செலவும், அபராதமும் எல்லாம் கூட்டிக் கழித்து ஒரே தொகையாக வரும். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதற்கான கணக்குத்தாள்தான் செட்டில்மென்ட் ரிப்போர்ட். விற்பனையாளர் பேனலில் இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலோர் இறக்கி, கடைசி வரியை வங்கிக் குறுஞ்செய்தியோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாக இருந்தால் மூடிவிடுகிறார்கள்.

அந்த ஒப்பீட்டால் தெரிய வருவது ஒன்றே ஒன்றுதான்: சந்தை நிறுவனம் தன் கணக்குப்படி அனுப்பிய பணம் வந்துவிட்டது. அந்தக் கணக்கு சரியா என்பது வேறு கேள்வி. தவறாகப் பிடித்த தொகையும் அதே கூட்டலில்தான் இருக்கிறது. அதனால் தாள் எப்போதும் வங்கியோடு பொருந்தும்.

முதலில் இந்த விரிப்புக்கு நியாயமாக என்ன வர வேண்டும் என்று நாமே போட்டுப் பார்க்க வேண்டும். கட்டண விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம், பொருளுக்குப் பொருள் மாறும். கணக்குக்காக ஒரு ரேட் கார்டை வைத்துக்கொள்வோம்: கமிஷன் 12 சதவீதம், ஒவ்வோர் ஆர்டருக்கும் நிலையான கட்டணம் 25 ரூபாய், வெளி மண்டலத்துக்கு அனுப்ப முதல் 500 கிராமுக்கு 60 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 500 கிராமுக்கும் 30 ரூபாய். விரிப்பு பார்சலோடு ஒரு கிலோவுக்குள். ஆக, கமிஷன் 75.60, நிலையான கட்டணம் 25, அனுப்பும் கட்டணம் 90. மொத்தம் 190.60. இந்தக் கட்டணங்கள் நிறுவனம் வியாபாரிக்குச் செய்த சேவை. அதனால் அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 34.31 ரூபாய், சேரும்.

அடுத்து இரண்டு சிறிய வரிகள். விரிப்பின் 630 ரூபாயில் 5 சதவீத ஜிஎஸ்டி 30 ரூபாய் அடக்கம். சரக்கின் மதிப்பு 600. இந்த 600 மீது ஜிஎஸ்டி சட்டப்படி சந்தை நிறுவனம் டிசிஎஸ் பிடிக்க வேண்டும். முன்பு 1 சதவீதமாக இருந்தது, 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். ஆகவே 3 ரூபாய். வருமான வரிக்கான டிடிஎஸ் 2024 அக்டோபர் 1 முதல் 1 சதவீதத்திலிருந்து 0.1 ஆகக் குறைந்தது. அது 60 காசு. எல்லாம் போக வங்கிக்கு வர வேண்டியது 401.49 ரூபாய்.

பிடித்த வரிகளையும் மறைந்த பிடித்தங்களையும் ஒரே பையில் போட்டுத் திட்டுவது வியாபாரிகளிடையே வழக்கம். அது சரியல்ல. டிசிஎஸ் போன பணம் இல்லை. நிறுவனம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தன் மாதக் கணக்கைத் தாக்கல் செய்ததும் ஜிஎஸ்டி தளத்தில் வியாபாரியின் பெயரில் தெரியும். அதை ஏற்றுக்கொண்டால் அவருடைய ரொக்கப் பேரேட்டில் சேர்ந்துவிடும். டிடிஎஸ் 26ஏஎஸ் படிவத்தில் வரும். கட்டணத்தின் மேலான 34.31 ரூபாயும் உள்ளீட்டு வரி வரவாகக் கிடைக்கும். கிடைக்காமல் போவது ஏற்றுக்கொள்ள மறந்தால்தான், அல்லது நிறுவனம் கொடுத்த ரசீதில் ஜிஎஸ்டி எண் தவறாக இருந்தால்தான். இந்த மூன்றையும் மாதம் ஒருமுறை அந்தந்தத் தளத்தோடு ஒப்பிட்டுவிட்டு விட்டுவிடலாம். உண்மையான கசிவு மேலே இருக்கும் 190.60-இல்தான் நடக்கிறது.

சரி, தாளைத் திறப்போம். திறந்ததுமே ஒரு சிக்கல். தாள் பணம் கொடுத்த தேதிப்படி அடுக்கப்பட்டிருக்கிறது. ஜெய்ப்பூர் விரிப்பின் விற்பனை இந்த வாரத் தாளில் இருக்கும். எடை திருத்தம் என்று ஒரு கழிவு இரண்டு வாரம் கழித்து வரும் தாளில் இருக்கும். திரும்பி வந்தால் அதற்கான கழிவு அடுத்த மாதம். ஒரு தாளை மட்டும் எத்தனை முறை படித்தாலும் ஓர் ஆர்டரின் முழுக் கதை கிடைக்காது. எனவே மூன்று நான்கு மாதத் தாள்களையும் ஒரே எக்செல் பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி, ஆர்டர் எண்படி திருப்பி அடுக்க வேண்டும். ஓர் ஆர்டரில் இரண்டு பொருள் இருக்கலாம் என்பதால், ஆர்டர் எண்ணைவிட `Order Item ID` என்ற எண்ணே பாதுகாப்பானது.

இங்கே எக்செல் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. இந்த எண்கள் பல சமயம் 17, 18 இலக்கம் வரும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணை நினைவில் வைக்காது. CSV கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறந்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், சேமித்தால் பழைய எண் திரும்பக் கிடைக்காது. இதைத் தவிர்க்க, கோப்பை `Data` பட்டியல் வழியாக உள்ளே கொண்டுவந்து அந்த நெடுவரிசையை `Text` என்று குறிக்க வேண்டும். அதோடும் முடியவில்லை. `SUMIFS` சூத்திரம் எழுத்தாக வைத்த எண்ணையும் எண்ணாகவே மாற்றிப் பார்க்கும். முதல் 15 இலக்கம் ஒன்றாக உள்ள இரண்டு ஆர்டர்களை ஒன்றெனக் கூட்டிவிடும். ஒரே நாளில் விற்றவற்றின் எண்கள் அப்படித்தான் நெருக்கமாக இருக்கும். ஆகவே பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தை ஒட்டிவிடுவது நல்லது:

```
="A"&B2
=SUMIFS(Pay!H:H, Pay!A:A, A2)
```

முதல் சூத்திரத்தை விற்பனைப் பட்டியல், தாள்களை ஒட்டிய `Pay` பக்கம் இரண்டிலும் A நெடுவரிசையில் போட வேண்டும். ஆர்டர் எண் B-யிலும், வரவும் கழிவும் H-லும் இருப்பதாகக் கொண்டால், இரண்டாவது சூத்திரம் அந்த விற்பனைக்கு இதுவரை எல்லாத் தாள்களிலும் வந்த நிகரத் தொகையைச் சொல்லும். அதற்குப் பக்கத்தில் நாம் போட்ட 401.49. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் போதும்; படிக்க வேண்டிய வரிகள் தாமாக மேலே வந்துவிடும். பைசா வித்தியாசங்கள் முழுமையாக்கலால் வருபவை, அவற்றைத் தொட வேண்டாம்.

நம் ஜெய்ப்பூர் விரிப்புக்கு நிகரம் 295.29 என்று வருகிறது. 106.20 ரூபாய் குறைவு. வரிகளைப் பிரித்துப் பார்த்தால் அனுப்பும் கட்டணம் 90-க்குப் பதில் 180. அதன் மேல் ஜிஎஸ்டியும் 16.20 கூடியிருக்கிறது. 180 என்பது ரேட் கார்டில் இரண்டரை கிலோவுக்கான கட்டணம். ஒரு கிலோ விரிப்பு எங்கே இரண்டரை கிலோ ஆனது?

கூரியர் நிறுவனங்கள் தராசின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. வண்டியில் பார்சல் பிடிக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. இதற்குக் கன எடை என்று பெயர். தராசு எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இறுக்கி மடித்த நம் விரிப்பு 30, 25, 6 சென்டிமீட்டர். பெருக்கினால் 4500, வகுத்தால் 0.9 கிலோ. தராசில் 950 கிராம். இரண்டுமே ஒரு கிலோ படிக்குள் அடங்கும். அதே விரிப்பு தளர்ந்த பையில் உப்பி, சேகரிப்பு மையத்தின் அளவெடுக்கும் கருவியில் 40, 30, 10 என்று பதிவானால் 12000-ஐ 5000-ஆல் வகுத்து 2.4 கிலோ. அடுத்த படி இரண்டரை கிலோ. தராசில் ஒரு கிராமும் கூடவில்லை.

இதில் நியாயம் இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்புண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பையில் காற்றை விட்டு ஒட்டினால் பார்சல் உண்மையிலேயே பெரிதாகிறது; அப்போது பிடித்தம் சரியே. தவறு எது என்று பிரித்தறிய ஒரு நல்ல வழி, பட்டியலை எஸ்கேயு வாரியாக அடுக்குவது. ஒரே விரிப்பு, ஒரே அளவு, ஒரே பை. அந்த மாதம் விற்ற 60 உருப்படிகளில் 55 ஒரு கிலோவுக்கும் 5 இரண்டரை கிலோவுக்கும் கட்டணம் பிடிக்கப்பட்டிருந்தால், நிறுவனத்தின் சொந்தத் தாளே அந்த ஐந்துக்கு எதிரான சாட்சி. 60-ம் இரண்டரை கிலோ என்றால் நம் பொதியைத்தான் முதலில் அளந்து பார்க்க வேண்டும், அல்லது பட்டியலில் நாமே பதிந்த நீள அகலத்தை. இரண்டு விரிப்பு சேர்த்து ஒரே பையில் போன ஆர்டர்களை எண்ணிக்கை நெடுவரிசையைப் பார்த்து முதலில் ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்கப்பட நேரும்.

இந்த 106 ரூபாயில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். துணி, தையல், பை எல்லாம் சேர்த்து வரி நீங்கலாக விரிப்பின் அடக்கவிலை 330 என்று கொள்வோம். சரக்கு மதிப்பு 600-இல் கட்டணம் 190.60 போனால் 409.40. லாபம் 79.40 ரூபாய். கட்டணம் 90 ரூபாய் கூடினால் அது 10.60 ரூபாய் நஷ்டம். வங்கியில் பணம் விழுந்துகொண்டே இருக்கும், வியாபாரமும் நன்றாக நடப்பதாகவே தோன்றும்.

அனுப்பும் கட்டணத்தில் எடைக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது மண்டலம். கரூரிலிருந்து மதுரைக்குப் போனது வெளி மண்டலக் கட்டணத்தில் இருக்கிறதா என்று பின்கோடை வைத்துப் பார்த்துவிடலாம். கமிஷனில் வரும் தவறு பெரும்பாலும் பொருளின் வகை சார்ந்தது. விரிப்பு என்பது அலங்காரப் பொருள் என்ற பிரிவில் விழுந்திருந்தால் வேறு சதவீதம். விலைக்கு ஒரு வரம்பு வைத்து அதன் கீழே ஒரு விகிதம், மேலே ஒரு விகிதம் என்றும் ரேட் கார்டுகள் இருக்கும். ரேட் கார்டு மாறும் என்பதால், மாறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். மார்ச் ஆர்டருக்கு ஏப்ரல் விகிதத்தைப் போட்டுவிட்டார்கள் என்று சொல்ல மார்ச் மாதத் தாள் கையில் இருக்க வேண்டும். பேனலில் புதியது மட்டுமே இருக்கக்கூடும்.

ரிட்டர்ன் வரிகளுக்கு இன்னும் பொறுமை வேண்டும். பொருள் திரும்புவதில் இரண்டு விதம் உண்டு. வீட்டில் ஆள் இல்லை, வாங்க மறுத்துவிட்டார், முகவரி கிடைக்கவில்லை என்று வாடிக்கையாளர் கைக்கே போகாமல் திரும்புவது ஒன்று. விற்பனையாளர்கள் இதை ஆர்டிஓ என்பார்கள். வாங்கிப் பிரித்துப் பார்த்து, நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவது வாடிக்கையாளர் ரிட்டர்ன். பல ரேட் கார்டுகளில் முதலாவதற்குத் திருப்பும் கட்டணம் இல்லை, இரண்டாவதற்கு உண்டு. நம் உதாரணத்தில் அந்தக் கட்டணம் 110 ரூபாய் என்று வைத்தால் ஜிஎஸ்டியோடு 129.80. முதல் விதம் இரண்டாம் விதமாகக் குறிக்கப்பட்டால் அவ்வளவும் நஷ்டம்.

இதைக் கண்டுபிடிக்க யாரிடமும் கேட்க வேண்டாம். டிராக்கிங் பக்கத்தில் டெலிவரி ஆன தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குக் கிடைக்காத பொருளை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. வாடிக்கையாளர் ரிட்டர்ன் என்று பணம் பிடித்த வரியில் டெலிவரி தேதி காலியாக இருந்தால், அந்த ஒரு காலி இடமே போதுமான ஆதாரம். கூடவே, ரிட்டர்ன் ஆன விற்பனைக்குக் கமிஷன் திரும்ப வரவு வைக்கப்பட்டிருக்கிறதா, அதன் ஜிஎஸ்டியும் வந்திருக்கிறதா, டிசிஎஸ் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்பனைத் தொகை 630-ஐ உடனே கழித்துவிடுவார்கள், 75.60-ஐத் திருப்பித் தரும் வரி சில சமயம் அடுத்த தாளுக்குத் தள்ளிப்போகும். அதற்காகத்தான் தாள்களை ஒட்டிப் படிக்கச் சொன்னது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அது செட்டில்மென்ட் தாளில் தெரியவே தெரியாது. ரிட்டர்ன் என்று 630 ரூபாய் கழிக்கப்பட்டிருக்கும். விரிப்பு மட்டும் திரும்பி வந்திருக்காது. வழியில் தொலைந்திருக்கும், அல்லது வேறொரு வியாபாரியின் கிடங்கில் கிடக்கும். தாளில் அது முறையான ரிட்டர்ன் வரி. தவறு வெளிப்பட வேண்டுமானால் கடையில் ஒரு பதிவேடு வேண்டும்: எந்தத் தேதியில், எந்த டிராக்கிங் எண் பார்சல், என்ன நிலையில் கைக்கு வந்தது. அந்தப் பட்டியலைத் தாளின் ரிட்டர்ன் வரிகளிலிருந்து கழித்தால் மீதி நிற்பவை வராத சரக்கு. பழைய மளிகைக் கடைகளின் பற்று நோட்டு போன்ற வேலைதான் இது, மென்பொருள் எதுவும் தேவையில்லை. பிரித்துப் பார்க்கும்போது லேபிள் தெரியும்படி கைபேசியில் வீடியோ எடுத்தால், புது விரிப்புக்குப் பதில் பழைய துணியை வைத்து அனுப்பியதற்கும் அதுவே ஆதாரமாகும்.

இனி ஆர்டர் எண்ணே இல்லாத வரிகள். தாளில் வடிகட்டி அந்த நெடுவரிசை காலியாக உள்ளவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். விளம்பரக் கட்டணம், கிடங்கு வாடகை, முந்தைய பாக்கிச் சரிக்கட்டல், `Adjustment` என்று பெயர் மட்டும் உள்ள தொகை எல்லாம் இங்கேதான் ஒதுங்கியிருக்கும். எந்த ஆர்டரோடும் சேராததால் மேலே சொன்ன சூத்திரத்தில் இவை சிக்காது. விளம்பரத் தொகையை விளம்பரப் பக்கத்தின் செலவோடு ஒப்பிடலாம். ஒரு சோதனைக்காகத் தொடங்கி நிறுத்த மறந்த விளம்பரம் மாதக்கணக்கில் ஓடுவது நிறையவே நடக்கிறது. அதற்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. விளக்கமில்லாத சரிக்கட்டல் வரிக்கு மட்டும், எந்த ஆர்டருக்காக, எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

அபராதங்களில் அடிக்கடி தகராறுக்கு வருவது தாமத அபராதம். வியாபாரி லேபிள் ஒட்டிப் பார்சலை மாலைக்குள் தயாராக வைத்துவிடுகிறார். எடுக்க வர வேண்டியவர் வரவில்லை. மறுநாள் எடுக்கிறார். கணினியில் பதிவாவது எடுத்த நேரம் மட்டுமே, தாமதம் வியாபாரியின் பேரில் ஏறிவிடுகிறது. இதற்கு மருந்து மேனிஃபெஸ்ட் என்ற ஒப்படைப்புச் சீட்டு. அன்றன்று பார்சல்களின் பட்டியலை அச்சிட்டு, எடுப்பவரிடம் எண்ணிக்கையும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பது. ஆள் வராத நாளில் அன்றே பேனலில் புகார் பதிந்து அந்த எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் அது வெறும் வாய்வார்த்தை. ரத்து அபராதமும் இப்படியே: வாடிக்கையாளர் ரத்து செய்தது, விற்பனையாளர் ரத்து என்ற பெயரில் வந்திருக்கிறதா என்று ஆர்டர் வரலாற்றில் பார்க்கலாம்.

தவறுகளைத் திரட்டிய பிறகு டிக்கெட் போடுவது. எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் கொட்டினால், படிப்பவர் எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லி டிக்கெட்டை மூடிவிடுவார். ஒரு காரணத்துக்கு ஒரு டிக்கெட். எடைத் தவறு என்றால் ஆர்டர் எண்கள், பிடித்த எடை, சரியான எடை, பிடித்த கட்டணம், சரியான கட்டணம் என்று சிறிய அட்டவணை. தராசின் மேல் லேபிளோடு பார்சல் இருக்கும் படம். மூன்று பக்கமும் டேப் வைத்து அளந்த படங்கள். அளவு டேப்பின் எண்ணும் டிராக்கிங் எண்ணும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். கோபத்தைக் காட்டும் வாக்கியம் ஒன்றுகூட வேண்டாம், அதைப் படிக்க அங்கே நேரமுள்ள ஆள் இல்லை.

முறையிடக் காலக்கெடு உண்டு. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, அதையும் அடிக்கடி மாற்றுவார்கள். பேனலின் கொள்கைப் பக்கத்தில் எடை, ரிட்டர்ன், அபராதம் மூன்றுக்கும் எத்தனை நாள் என்று பார்த்து, மிகக் குறுகியது எதுவோ அதைவிட அடிக்கடி தாளைப் படிக்கும் வழக்கம் வேண்டும். வருடக் கடைசியில் கணக்குப் பிள்ளை கண்டுபிடிக்கும் தவறுகளில் பெரும்பகுதிக்கு வாசல் மூடியிருக்கும்.

கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தாலும் டிக்கெட் எண்ணைக் கிழித்துப் போட வேண்டாம். பணம் ஏதோ ஒரு வாரத் தாளில், பல சமயம் ஆர்டர் எண் இல்லாத வரியாக வரும். நம் விரிப்புக்கு 106.20 வர வேண்டும். 90 மட்டும் வந்தால், நிறுவனம் அனுப்பிய கிரெடிட் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஜிஎஸ்டி குறைக்கப்படவில்லை என்றால், முதலில் எடுத்த உள்ளீட்டு வரி வரவு அப்படியே நிற்கிறது, நஷ்டம் இல்லை. கிரெடிட் நோட்டில் 16.20-ஐயும் குறைத்துவிட்டு வங்கிக்கு 90 மட்டும் அனுப்பியிருந்தால், வரி வரவையும் இழக்கிறோம், பணமும் வரவில்லை. அந்த 16.20-க்கு, பழைய டிக்கெட் எண்ணையும் கிரெடிட் நோட் எண்ணையும் குறிப்பிட்டு, இன்னொரு டிக்கெட் போட வேண்டியதுதான்.